தை இருபத்தொன்று, வியாழக்கிழமை

எனக்கு வாய் வேகம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். "வெள்ளிக்கிழமை பொறந்தவ, மகாலட்சுமியாட்டம் இருக்க வேண்டாமோ? நாக்குல சனி எப்படிடீ வந்து உக்காந்தான்?" என்று அம்மா என்னைத் திட்டாத நாள் கிடையாது. கல்யாணம் ஆகி, பெண் காலேஜ் போகிற வயசு வந்த பிறகும் திட்டு மாறவில்லை. அந்த நாக்கை நம்பித்தான் நாற்பத்தைந்து வயதில் நான் வேலைக்குப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்?

கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டது. பெண்ணுக்கு இரண்டாம் வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. நாங்கள் தமிழ்க்காரர்கள், தலைமுறைகளாக இருப்பது மலையாள தேசத்தில். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் ஆபீசில் தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனை எடுக்க வேண்டும், ஹால் காலியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், வாடகை சொல்ல வேண்டும், டைரியில் எழுத வேண்டும். பேசுவதற்குச் சம்பளமா, இதைவிட வேறென்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். முதல் ஆறு மாதம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம் என்பது ஏற்பாடு.

மேனேஜர் மலையாளி, வித்துரா என்கிற ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பார். சிரித்து நான் பார்த்ததில்லை. தமிழர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சு பாதி மலையாளமும் பாதி தமிழுமாக இருக்கும். முதல் நாளே என்னை எதிரில் உட்கார வைத்து, "சேச்சி, இந்த ஹாலோட வாடகை எத்ரயா?" என்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்.

"இது வாடகையோ, ட்ரெயின் போற சத்தமோ? கேக்கிற ஆளுக்கு இருபத்தெட்டு மட்டும் விழும், அஞ்ஞூறு விழாது. பின்ன வந்து சண்டை போடும். மெல்லச் சொல்லணும். இருபத்தெட்டாயிரம். நிறுத்தணும். அஞ்ஞூறு. நிறுத்தணும். கரண்ட் வேற. அதுவும் சொல்லணும்."

அப்புறம் அவருடைய சட்டதிட்டங்கள் வந்தன. போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டிரண்டாகச் சேர்த்து, தொண்ணூத்தெட்டு நாப்பத்தேழு என்று சரம் தொடுப்போம். அதெல்லாம் கூடாது. மூன்று எண், நிறுத்து, மூன்று எண், நிறுத்து, கடைசி நாலு. 'ஒன்றரை லட்சம்' என்று சொல்லக் கூடாது, ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் என்று நீட்ட வேண்டும். இங்கிலீஷில் தேர்ட்டீன், தேர்ட்டி என்று சொன்னால் உடனே ஒன்று-மூன்று, மூன்று-சைபர் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆறு மணி என்று மொட்டையாகச் சொன்னால் அது விடிகாலையா சாயங்காலமா?

தேதிதான் எல்லாவற்றுக்கும் மேல். "தேதி, மாசம், வர்ஷம், கிழமை. நாலும் வேணும். இங்கிலீஷ் மாசம். நம்ம சொல்லணும், அவங்களைத் திருப்பிச் சொல்ல வைக்கணும், பின்னதான் டைரியில பேனா வைக்கணும்."

நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் அபிநயத்தோடு நடித்துக் காட்டினேன். "தேதி, மாசம், வருஷம், கிழமை! நாமாவளி மாதிரி நாலு தடவை சொல்லணுமாம். வரவா கல்யாணம் பேச வராளா, பஜனைக்கு வராளா?"

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மலையாளத்தில் திவசம் என்றால் நாள். மேனேஜர் போனை எடுத்தால், "திவசம் ஏதா? திவசம் சொல்லுங்க" என்பார். எங்கள் தெரு மாமாக்கள் பெண் கல்யாணத்துக்கு ஹால் கேட்டுப் போன் செய்தால், எடுத்த எடுப்பிலேயே இவர் திவசம் கேட்கிறார். ஒரு மாமா, "அபசகுனம்! சிராத்தம் பண்ண மண்டபம் எதுக்கு ஓய்?" என்று போனை வைத்தேவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்தவருக்கு அர்த்தம் தெரியாதா என்ன? பெண் கல்யாணம் பேசும்போது காதில் அது விழக் கூடாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து தமிழ் போன்கள் எல்லாம் என் தலையில்.

மலையாளத்தில் பேசுகிறவர்களிடம் நான் மேனேஜரின் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். ஒரு பிசகும் வரவில்லை. தமிழ் போன் வந்தால் மட்டும் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவேன். நம்ம மனுஷாள்தானே, இவர்களிடம் எதற்குப் பாடம் ஒப்பிப்பது?

அப்படித்தான் ஒரு புரட்டாசி மாதக் காலையில் அந்த போன் வந்தது. பெண்ணின் அப்பா. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர், எலெக்ட்ரிசிட்டி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். குரல் வெங்கலம் மாதிரி கணீரென்று இருந்தது.

"தை இருபத்தொண்ணு ஹால் கெடைக்குமோ? மொதல் நாள் சடங்கெல்லாம் ஆத்துலயே வச்சுக்கறோம். ஹால் ஒரு நாள் போறும்."

"தை இருபத்தொண்ணா மாமா?" என்றேன்.

"ஆமாம். இருபது, ஒண்ணு. இருபத்தொண்ணு. தை."

அடடா, எத்தனை தெளிவு! எனக்கே ஆசையாக இருந்தது. நானும் விடாமல், "இருபது, ஒண்ணு. தை இருபத்தொண்ணு" என்று திருப்பிச் சொன்னேன். அவர் மறுபடி சொன்னார். மூன்று முறை ஆயிற்று. மேனேஜர் எதிர் மேஜையிலிருந்து பார்த்துத் தலையை ஆட்டினார். நான் டைரியைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இங்கிலீஷ் தேதி பெரிதாக, கீழே மலையாளத் தேதி சிறிதாக இருக்கும். மகரம் இருபத்தொன்று என்ற பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன். ரசீதிலும் மலையாளத்தில் மகரம் 21 என்று போட்டேன். சாயங்காலம் அவரே வந்து வாங்கிக்கொண்டார். படித்தார், "சரியாக்கும்" என்றார், மடித்துப் பையில் வைத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீடுகளில் சுவரில் தொங்குவது மலையாளக் காலண்டர். அதில் மகரம் என்று போட்டிருப்பதைத் தை என்று படிப்போம். மேடம் என்றால் சித்திரை, சிங்கம் என்றால் ஆவணி, விருச்சிகம் என்றால் கார்த்திகை. தலைமுறை தலைமுறையாக வாய் தானாக மாற்றிவிடும். ரெண்டும் ஒண்ணுதானே! பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் மாசம் பிறக்கிற கணக்கு இரண்டுக்கும் வேறு. சூரியன் மத்தியானத்துக்கு மேல், அஸ்தமனத்துக்கு முன்னால் ராசி மாறினால், தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாசப் பிறப்பு. மலையாளக் கணக்கில் மறுநாள்தான். அந்த மாசம் முழுக்க இரண்டு காலண்டரும் ஒரு நாள் தள்ளித் தள்ளி நடக்கும். பூஜை புனஸ்காரத்துக்கு வாத்தியார் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடுவதால், நமக்கு அது உறைப்பதே இல்லை.

அந்த வருஷத் தை அப்படித்தான் பிறந்தது. மாமாவுக்கு வாத்தியார் சொன்னது பஞ்சாங்கத்துத் தை. நான் எழுதியது காலண்டர் மகரம்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாமா பத்திரிகை கொடுக்க வந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு டப்பா மைசூர்பாகு. "நீங்க அவசியம் வரணும், நீங்கதான் எங்களுக்கு ஹால் குடுத்தவா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்திரிகையைப் பிரித்து, மேனேஜருக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன்.

"நிகழும் மங்களகரமான தை மாதம் இருபத்தொன்றாம் தேதி, பிப்ரவரி மூன்று, வியாழக்கிழமை..."

வியாழக்கிழமை என்று வந்ததும் நின்றுவிட்டேன். அந்த வியாழக்கிழமைக்கு ஹாலை வேறொருவர் பிடித்திருந்தார். டைரியில் மாமா வீட்டுக் கல்யாணம் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை.

மேனேஜர் டைரியைத் தன் பக்கம் இழுத்தார், புரட்டினார், என் முன்னால் தள்ளினார். மூன்றாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: நடன அரங்கேற்றம், காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை.

வாய் வேகம் என்றேனே, அப்போது அந்த வாயில் ஒரு சொட்டு எச்சில்கூட இல்லை. "மாமா, ஒரு தப்பு நடந்து போச்சு" என்று ஆரம்பித்து எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லி முடித்தபோது மாமா கையில் இருந்த மைசூர்பாகு டப்பாவை மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மடியில் வைத்துக்கொண்டார்.

"நானூறு பத்திரிகை குடுத்தாச்சு" என்றார். "பையனாத்துக்காரா பாலக்காட்டுலேர்ந்து பஸ் ஏற்பாடு பண்ணியாச்சு. ஒரே பொண்ணு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பையிலிருந்து ரசீதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மகரம்னுதான் போட்டிருக்கு. நானும்னா படிச்சேன். தைன்னுதானே படிச்சேன்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் போன பிறகு மேனேஜர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "மூணு தடவை சொன்னீங்க, நான் கேட்டேன். நல்லாத்தான் சொன்னீங்க. நாலு சாதனம், நாலு சங்கதி, சொல்லச் சொன்னேன். நீங்க ரெண்டுதான் சொன்னீங்க. கிழமை ஒண்ணு கேட்டிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும்." பிறகு, "முதல்ல அந்தக் கல்யாணம் நடக்கட்டும். உங்க காரியம் நாலாம் தேதி, பிப்ரவரி, வெள்ளியாழ்ச்ச, காலைல பத்து மணி. இங்க வந்து உக்காரணும்" என்றார். என் தலை போகிற தேதியைக்கூட அந்த மனுஷன் சட்டப்படிதான் சொன்னார்.

அன்று சாயங்காலமே நடன டீச்சரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் அறுபது வயது மலையாளி அம்மா. கூடத்தில் எட்டுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து கட்டையால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அரங்கேற்றத்தை வெள்ளிக்கு மாற்ற முடியுமா என்று வாயெடுத்தேன், கட்டை நின்றது. மிருதங்கக்காரர் சென்னையிலிருந்து அந்த ஒரு நாளுக்குத்தான் வருகிறாராம்.

"ஆனா ஆட்டம் எப்போ ஆரம்பம், சேச்சி?" என்று கேட்டேன்.

"ஆறு மணி."

விடிகாலையா என்று கேட்க வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். "சாயங்காலம் ஆறு மணி. அப்போ காலம்பற கல்யாணம் முடிச்சுண்டு ஹாலை உங்க கையில குடுத்தா?"

டீச்சர் யோசித்தார். மேடை, விளக்கு, மைக் எல்லாம் பார்க்க நேரம் வேண்டும். "மத்தியானம் ரெண்டு மணிக்கு கிட்டணும்" என்று சொல்லிவிட்டு, விரலை மடக்கி, "அய்யோ, வியாழன். ஒண்ணரைலேர்ந்து மூணு ராகுகாலம். அந்த நேரத்துல நான் மேடையில கால் வைக்க மாட்டேன். ஒண்ணேகாலுக்கு சாவி என் கையில வரணும்" என்றார்.

"ஒண்ணேகால்" என்றேன். "ஒண்ணு, பதினஞ்சு. மத்தியானம். பிப்ரவரி மூணு. வியாழக்கிழமை."

"கல்யாணம் எத்தனை மணிக்கு?"

"முகூர்த்தம் ஏழே முக்கால்லேர்ந்து எட்டே முக்கால். ஏழு நாப்பத்தஞ்சு, எட்டு நாப்பத்தஞ்சு. காலம்பற. கடைசிப் பந்தி பன்னெண்டு மணி. பன்னெண்டு நாப்பதுக்கு இலை எடுத்தாச்சு. ஒரு மணிக்குப் பெருக்கியாச்சு."

"இன்னும் ஒரு தடவை."

டீச்சர் கட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தட்டு, நடுவில் ஒரு இடைவெளி. நான் வேகம் எடுத்தால் முறைப்பார், மறுபடி முதலிலிருந்து. எட்டுப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜன்மத்தில் நான் அவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை. நாலாவது முறை தாளம் தப்பாமல் சொல்லி முடித்ததும், "ம், இனி மறக்காது" என்றார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாண மேடையின் பூ அலங்காரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். காரியக்காரி!

மாமாவிடம் போய்ச் சொன்னபோது அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூவா? பூவை நீங்களே எடுத்துக்கோங்கோ, வாழை மரத்தையும் எடுத்துக்கோங்கோ!"

மூன்றாம் தேதி விடியற்காலை நாலு மணிக்கே நான் ஹாலில் நின்றேன். முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது. கெட்டிமேளம் கேட்டபோது எனக்குத்தான் தாலி கட்டியது போல ஒரு நிம்மதி. பிறகு ஆரம்பித்தது என் கச்சேரி. பந்திக்குப் பந்தி நடந்து, "கடைசிப் பந்தி பன்னெண்டு மணி! ஒண்ணு, ரெண்டு, பன்னெண்டு! மத்தியானம்!" என்று கூவினேன். பாலக்காட்டு மாமா ஒருத்தர் பாயசத்தை உறிஞ்சியபடி, "மாமி, தம்பானூர் ஸ்டேஷன்லயா வேலை? எந்த பிளாட்பாரம்னும் சொல்லிடுங்கோ" என்றார். பந்தியே சிரித்தது. நானும் விடவில்லை. "வண்டி ஒண்ணு பதினஞ்சுக்கு மாமா, பாயசம் பாதியிலயும் கெளம்பும்" என்றேன்.

ஒன்று பத்துக்குச் சாவியை டீச்சர் கையில் கொடுத்தேன். ஒரு வாசல் வழியாகக் கல்யாணப் பெண் மாலையும் கழுத்துமாக வெளியே போனாள். மறு வாசல் வழியாகப் பெண்கள் கையில் சலங்கையோடு உள்ளே வந்தார்கள். மாமா வாசலில் நின்று அந்த மைசூர்பாகு டப்பாவை என்னிடம் நீட்டினார். "அன்னிக்கே குடுக்க வேண்டியது, கையே வரலை" என்றார். நான் வாங்கிக்கொண்டு வெட்கமில்லாமல் அங்கேயே அழுதேன்.

மறுநாள் நாலாம் தேதி, பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. போய் உட்கார்ந்தேன். ஹால் காலியாகக் கிடந்தது. பூ வாசனை மட்டும் இருந்தது. வீட்டில் கணவரிடம், போனால் போகிறது, அப்பளம் இட்டு விற்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். வேலையை விட்டு நிறுத்துகிற காகிதம் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடினேன். நிரந்தர வேலைக்கான விண்ணப்பம்.

நான் வாயைத் திறப்பதற்குள், "டீச்சர் போன்ல விளிச்சிருந்தாங்க" என்றார். "அடுத்த வர்ஷத்துக்கும் ஹால் வேணுமாம். சாவி அஞ்சு மினிட் முன்னாடியே கிட்டிச்சுன்னு சொன்னாங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி. பிறந்த தேதி சொல்லுங்க. நாலு சாதனமும்."

பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் இருக்கிற தேதியைச் சொன்னேன். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. தேதி. மாசம். வருஷம். கடைசியில் பெருமையாக, "வெள்ளிக்கிழமை" என்றேன்.

மேனேஜர் தட்டினார், திரையைப் பார்த்தார். "சனி."

"வெள்ளி. எங்கம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கா."

"சேச்சி, சனியாழ்ச்ச." திரையை என் பக்கம் திருப்பினார். சனிதான்.

அங்கேயே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா சலித்துக்கொண்டாள். "உன்னைப் பெத்தவ நானா, கம்ப்யூட்டரா? வெள்ளிக்கிழமை, கார்த்திகை ஒம்பது. அப்பா உன்னை ஸ்கூல்ல சேக்கறச்சே அப்படித்தான் சொன்னார். அந்த சார் விருச்சிகம் ஒம்பதுன்னு எழுதிண்டு, அதைப் பார்த்து இங்கிலீஷ் தேதி போட்டார். அதுக்கென்ன இப்போ? ரெண்டும் ஒண்ணுதானேடீ!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேனேஜருக்கு அது முழுசாகக் கேட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி குலுங்கியது. அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சர்டிபிகேட்ல என்ன இருக்கோ, அதுதான் எழுதணும்" என்றார்.

நானும் அப்படியே எழுதினேன். பேனாவை மூடும்போதுதான் அம்மாவின் திட்டு நினைவுக்கு வந்தது. நாக்கில் சனி எப்படி வந்தான் என்று இத்தனை வருஷமாகக் கேட்டாளே. போனில் அவள் இன்னும் இருந்தாள். "அம்மா, சனி எங்கேர்ந்து வந்தான்னு தெரிஞ்சுபோச்சு," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "அப்பாதான் கையைப் பிடிச்சு ஸ்கூலுக்கு அழைச்சுண்டு போயி சேத்துவிட்டிருக்கார்."